அரக்கும் பச்சையும் வாட்ஸ்அப்பில் ஏன் கலங்குகின்றன?

முகூர்த்த மாதம் பிறந்தால் போனுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். மணமக்களின் போட்டோ இருந்த இடத்தில் அவர்களை ஓவியமாக வரைந்து போடுவது இப்போது சகஜம். பாட்டில் பச்சைப் பட்டு, அரக்கு பார்டர், பின்னணியில் வாட்டர்கலர் தாளின் சொரசொரப்பு, ஓரம் முழுக்க மெல்லிய கோலக் கம்பி. வரைந்தவரின் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருக்கும் அந்தப் படம் வாட்ஸ்அப் வழியாக வந்து சேரும்போது, பார்டர் புடவைக்குள் கரைந்திருக்கும். பெயர்களைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் இருக்கும். தாளின் சொரசொரப்பு திட்டுத் திட்டாகக் கலங்கியிருக்கும். அதே போனில் எடுத்து அனுப்பிய மண்டபத்தின் போட்டோ மட்டும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

நெட் சரியில்லை, போன் மட்டம் என்று சொல்வதுண்டு. இரண்டும் காரணமில்லை. வழியில் படத்தைச் சுருக்கும் ஜேபெக் என்ற முறை போட்டோக்களுக்காகவே உருவானது. போட்டோவில் எதை எடுத்தெறிந்தால் கண்ணுக்குத் தெரியாதோ, அதைத்தான் அது முதலில் எறியும். வரைந்த படத்தின் அழகு பெரும்பாலும் அந்த எறியப்படும் பகுதியில்தான் இருக்கிறது.

நிறத்துக்குப் பாதி மரியாதை

ஜேபெக் 1992-இல் தரமாக ஏற்கப்பட்டது. அதன் அடியில் ஓடும் கணிதத்தை பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்டார். அந்தக் கணிதத்துக்குப் போகும் முன்பே படத்துக்கு ஒரு காரியம் நடந்துவிடுகிறது. திரையில் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஜேபெக் அதைப் பிரித்து, ‘எவ்வளவு வெளிச்சம்’ என்ற ஒரு எண்ணாகவும், ‘என்ன நிறம்’ என்ற இரண்டு எண்களாகவும் மாற்றிக்கொள்கிறது. வெளிச்சத்துக்கான கணக்கு இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அந்த அளவுக்குப் பார்க்காது. அதனால் வெளிச்ச எண்ணை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் இரண்டுக்கு இரண்டு என்ற கட்டத்தில் உள்ள 4 பிக்சல்களுக்குப் பொதுவாக ஒரே நிறம் என்று சுருக்கிவிடுவார்கள். 4:2:0 என்று குறிப்பிடப்படுவது இதுதான். இந்த ஒரே வேலையில் தகவல் பாதியாகக் குறைந்துவிடும்.

போட்டோவில் இது தெரிவதில்லை. வெயிலில் நிற்கும் இலைக்கும் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கும் நிறம் மாறும் இடத்தில் பெரும்பாலும் வெளிச்சமும் மாறும், நிழலும் விழும். நிறம் கொஞ்சம் வழிந்தாலும் வெளிச்சத்தின் ஓரம் கூர்மையாக இருப்பதால் கண் ஏமாந்துவிடும். ஓவியத்தில் அப்படி இல்லை. சமமாக நிரப்பிய ஒரு நிறம், அதை ஒட்டி இன்னொரு நிறம், நடுவில் நிழல் எதுவும் கிடையாது.

பத்திரிகையில் இருக்கும் பட்டையே எடுத்துக்கொள்ளலாம். அரக்கு பார்டருக்கு ஓவியர் 150, 20, 40 என்ற எண்களைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புடவையின் பாட்டில் பச்சைக்கு 0, 100, 30. மேலே உள்ள கணக்கில் போட்டுப் பார்த்தால் அரக்குக்கு 61 வரும்; பச்சைக்கு 62. நம் கண்ணுக்கு எதிரும் புதிருமாக நிற்கும் இந்த இரண்டு நிறங்களும் ஜேபெக்கின் வெளிச்சக் கணக்கில் ஒன்றேதான். பார்டர் என்ற ஒன்று அங்கே இருப்பதே அந்தக் கணக்குக்குத் தெரியாது. பார்டர் முழுக்க முழுக்க நிறத் தகவலில்தான் உயிரோடு இருக்கிறது. அந்தத் தகவலோ 4 பிக்சலுக்கு ஒன்று என்று ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. எனவே எல்லைக்கோட்டில் அரக்கும் பச்சையும் கலந்து, இரண்டுமில்லாத ஒரு பழுப்பு உருவாகிறது. சேறு மாதிரி தெரிகிறது என்று எல்லோரும் சொல்வது இந்தப் பழுப்பைத்தான். அரக்குப் பின்னணியில் பச்சையால் எழுதிய பெயருக்கும் இதே கதிதான்.

சொரசொரப்பு எங்கே போகிறது?

அடுத்தது, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுவது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறது என்பதை 64 எண்களாக ஜேபெக் எழுதிக்கொள்கிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி. அடுத்தடுத்த எண்கள் மெதுவான ஏற்ற இறக்கத்தில் தொடங்கிப் பொடிப்பொடியான மாற்றங்கள் வரை சொல்கின்றன. இதுவரை பெரிய இழப்பு இல்லை. இழப்பு வருவது இந்த எண்களை முழுதாக்கும்போதுதான். சில்லறை இல்லாத கடையில் 4 ரூபாயை விட்டுவிடுவதும் 6 ரூபாயைப் பத்தாக்குவதும் போல, ஒவ்வொரு எண்ணையும் ஒரு குறிப்பிட்ட படிக்கு முழுதாக்குகிறார்கள். படியில் பாதிக்கும் குறைவாக இருக்கும் எண் பூஜ்யமாகிவிடும்.

ஜேபெக் தரத்தோடு எடுத்துக்காட்டாக வந்த அட்டவணை இன்றும் பல மென்பொருள்களில் புழங்குகிறது. வெளிச்சத்துக்கான அதன் படிகள் 10-இல் தொடங்கி 121 வரை போகின்றன. நிறத்துக்கான அட்டவணையில் இருக்கும் 64 படிகளில் 51 படிகள் 99 என்றே இருக்கின்றன. இவை தரம் 50-க்கு உரிய எண்கள். தரத்தை 75-க்கு உயர்த்தினால் எல்லாம் பாதியாகும். 90-க்கு உயர்த்தினால் ஐந்தில் ஒரு பங்காகும்.

வாட்டர்கலர் தாளின் சொரசொரப்பு என்பது பிக்சலுக்குப் பிக்சல் மூன்று நான்கு எண் கூடிக் குறையும் மெல்லிய வேறுபாடுதான். அதை 64 எண்களாக எழுதினாலும் ஒவ்வொன்றும் பெரும்பாலும் அந்த அளவுக்கே வரும். தரம் 50-இல் மிகச் சிறிய படியே 10 என்னும்போது, 4 என்ற எண் பிழைக்க வழியில்லை. தரம் 75-இல் ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு பிழைக்கும். பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் ஒரு கட்டம் வழவழப்பாகவும் அடுத்த கட்டம் லேசாக வரியோடியும் இருக்கும். தாள் போலத் தெரிய வேண்டியது திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். மொத்தமாக மறைந்துவிட்டால்கூடப் படம் இவ்வளவு அழுக்காகத் தெரியாது.

எழுத்துகளின் ஓரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் கட்டத்துக்கு அந்தக் கூர்மையான ஓரத்தை எழுத எல்லா எண்களும் வேண்டும். அவற்றில் சில பூஜ்யமானதும் மிச்சம் இருப்பவை ஒன்றையொன்று சரிக்கட்ட முடியாமல், கட்டம் முழுக்கச் சாம்பல் நிற அலைகளைப் பரப்பிவிடும். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த அலை எழுத்தைச் சுற்றி வந்து, கட்டத்தின் எல்லையில் வெட்டியதுபோல நிற்பது தெரியும். எழுத்தே இல்லாத கட்டம் சுத்தமாக இருக்கும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகளில் உள்ளே இருக்கும் இடமே இரண்டு மூன்று பிக்சல்தான் என்பதால், அலை அதை நிரப்பி எழுத்தை அடைத்துவிடும்.

யார் சிறிதாக்குவது?

பத்திரிகையை அச்சுக்காக ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வரைந்திருப்பார்கள். அது 2480-க்கு 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் போட்டோவாக அனுப்பினால், நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கித்தான் போகும். போனையும் செயலியின் பதிப்பையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும். எதிர்முனையில் வந்து இறங்கிய படத்தின் விவரத்தைத் திறந்தால் சரியான அளவு தெரிந்துவிடும். 3508 என்பது 1600 ஆனால், 3 பிக்சல் கனமாக வரைந்த கோலக் கம்பி ஒன்றரைப் பிக்சலுக்கும் கீழே வந்துவிடும். அரைப் பிக்சலைத் திரையால் காட்ட முடியாது. அதனால் கம்பி வெளிறிப்போய் அக்கம்பக்கப் பிக்சலில் கசியும். அதன் பிறகுதான் மேலே சொன்ன சுருக்கம் நடக்கும்.

ஆகவே முதல் வேலை, இந்தச் சிறிதாக்கலைச் செயலியிடம் விடாமல் வரைந்தவரே செய்துகொள்வது. போனுக்கென்று 1131-க்கு 1600 என்ற அளவில் தனியாக ஒரு பிரதி. அந்த அளவில் திறந்து பார்த்து, 2 பிக்சலுக்குக் குறைவாகத் தெரியும் கம்பிகளைத் தடித்ததாக்க வேண்டும். மூலத்தில் என்றால் 5 பிக்சல் கனம் வைத்தால் போனில் இரண்டாக நிற்கும். அழைப்பின் வாசகத்தை அச்சில் இருப்பதுபோல் முழுக்க வைக்காமல், பெயர், நாள், நேரம், மண்டபம் என்று சுருக்கி எழுத்தைப் பெரிதாக்குவதும் இந்தக் கட்டத்தில்தான்.

சொரசொரப்பைக் கடைசியில் சேர்ப்பது இன்னொரு முக்கியமான மாற்றம். பெரிய படத்தில் சேர்த்துவிட்டுச் சிறிதாக்கினால் அது பொடியாகி வலுவிழக்கும். சிறிதாக்கிய பிறகு, ஒரு மணி மூன்று நான்கு பிக்சல் அகலம் இருக்கும்படி, வேறுபாட்டையும் கொஞ்சம் கூட்டிச் சேர்த்தால் அது மெதுவான ஏற்ற இறக்கமாகக் கணக்கில் ஏறும். அங்கே படிகள் சிறியவை என்பதால் தப்பிவிடும். அது ஓவியத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் போன் பிரதியில் சொரசொரப்பே வேண்டாம்.

பார்டரைக் காப்பாற்றும் ஜரிகை

அரக்கு–பச்சைச் சிக்கலை ஏற்றுமதி அமைப்புகளால் மட்டும் தீர்க்க முடியாது. மூலத்தை எவ்வளவு உயர்ந்த தரத்தில் கொடுத்தாலும், அனுப்பும் செயலி தன் பங்குக்கு அதை மறுபடி 4:2:0 ஜேபெக்காக மாற்றித்தான் அனுப்பும். நிறத்தில் மட்டும் இருக்கும் ஓரம் அங்கே மீண்டும் அடிபடும். அந்த ஓரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி.

நெசவில் இருக்கும் விடையே இங்கேயும் பொருந்துகிறது. பார்டரும் உடலும் சேரும் இடத்தில் ஒரு ஜரிகைக் கோடு. 212, 175, 55 என்ற பொன்னிறத்தின் வெளிச்ச எண் 172. ஒரு பக்கம் 61, மறுபக்கம் 62, நடுவில் 172 என்று இரண்டு பிக்சல் கோடு நின்றால், நிறம் எவ்வளவு வழிந்தாலும் எல்லை இருக்கும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கோடு வேண்டாம் என்றால் நிறங்களை விலக்கி வைக்கலாம். அரக்கை 110, 10, 30 என்று இறக்கிப் பச்சையை 20, 125, 60 என்று ஏற்றினால் வெளிச்ச எண்கள் 42, 86 என்று பிரிந்துவிடும். அரக்கு அரக்காகவே இருக்கும், பச்சையும் பச்சையாகவே இருக்கும்.

எந்த இடங்களில் இந்த ஆபத்து என்று கண்டுபிடிக்க, படத்தின் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் போதும். அங்கே மறைந்துபோகும் பார்டரும் பெயரும் வாட்ஸ்அப்பிலும் கலங்கும். கறுப்பு வெள்ளையாக்கும் வழியில் மட்டும் கவனம் தேவை. போட்டோஷாப்பில் இருக்கும் `Desaturate` கட்டளை, மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும். அந்தக் கணக்கில் நம் அரக்கு 85, பச்சை 50. பார்டர் அழகாகத் தெரியும், நம்பி அனுப்பினால் காணாமல் போகும். அதனால் அங்கே `Image > Mode > Grayscale` வழியாகவும், கிம்ப்பில் `Desaturate` பெட்டிக்குள் `Luma` என்பதைத் தேர்ந்தும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு, செயலிக்குக் கொடுக்கும் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். தரம் 60-இல் சேமித்த ஜேபெக்கைக் கொடுத்தால், எழுத்தைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் அலைகளையும் படத்தின் பகுதி என்று நினைத்து அடுத்த சுருக்கம் அவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். பிஎன்ஜியாகவோ, தரம் 90-க்கு மேல் 4:4:4 ஜேபெக்காகவோ கொடுப்பது நல்லது. 4:4:4 என்றால் நிறமும் பிக்சலுக்கு ஒன்று என்று முழுதாக இருக்கும். இமேஜ்மேஜிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி:

```
magick pattirikai.png -resize x1600 -sampling-factor 4:4:4 -quality 92 pattirikai.jpg
```

கிம்ப்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது வரும் பெட்டியில் இதே `4:4:4` தேர்வு இருக்கிறது. போட்டோஷாப்பின் `Save for Web` பெட்டியில் அப்படி எதுவும் கண்ணில் படாது. அங்கே தரம் 50 வரை நிறத்தைச் சுருக்கும், 51 முதல் சுருக்காது. 50-க்கும் 51-க்கும் நடுவில் சிவப்பு எழுத்து சட்டென்று தெளிவாவதற்கு இதுவே காரணம்.

வாட்ஸ்அப்பில் 2023 ஆகஸ்டில் வந்த ‘எச்டி’ பொத்தானை அழுத்தினால் அளவு அதிகமாகப் போகும். ஆனால் அதிலும் மறுசுருக்கம் உண்டு. படத்தை அப்படியே அனுப்ப வேண்டும் என்றால் ‘டாகுமென்ட்’ வழிதான். அதில் கோப்பு ஒரு பிக்சல்கூட மாறாமல் போகும். 2 ஜிபி வரை அனுமதி. சிக்கல் என்னவென்றால், உரையாடலில் படமாக விரியாது, பெறுபவர் தட்டித் திறக்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை. நூறு உறவினர்களுக்கு அனுப்பும் அழைப்புக்கு இது ஒத்துவராது.

வலைத்தளத்தில் வேறு கணக்கு

வலைத்தளத்தில் கோப்பை யாரும் வழியில் மாற்றாவிட்டால், கொடுத்தது அப்படியே தெரியும். அதனால் அங்கே வடிவத்தைப் படத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்க முடிகிறது. சமமாக நிரப்பிய நிறங்களும் கம்பிகளும் மட்டும் இருக்கும் ஓவியத்துக்குப் பிஎன்ஜி. 1996-இல் வந்த இந்த வடிவம் எதையும் எறிவதில்லை. ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் அதைச் சுருக்கமாக எழுதிவிடும். நிறங்கள் குறைவாக இருந்தால் 256 நிறங்களுக்குள் கட்டுப்படுத்தி இன்னும் சிறிதாக்கலாம். ஆனால் அதே படத்தில் வாட்டர்கலர் சொரசொரப்பு இருந்தால் தொடர்ச்சி எங்குமே கிடைக்காமல் பிஎன்ஜி பல மடங்கு வீங்கிவிடும். அப்போது 4:4:4 ஜேபெக், அல்லது 4:4:4-ஐ ஏற்கும் ஏவிஃப் வடிவம் நல்லது.

வெப்பி வடிவத்தில் ஒரு பொறி உண்டு. அதன் இழப்புள்ள வகையில் நிறம் எப்போதும் 4:2:0-தான்; தரத்தை 100 என்று வைத்தாலும் மாறாது. ஜேபெக்கில் நன்றாக இருந்த அரக்கு பார்டர் வெப்பியாக மாற்றியதும் கலங்குவதற்கு இதுவே காரணம். இழப்பில்லாத வகையைப் பயன்படுத்தலாம், அல்லது நிறத்தைக் கவனமாகச் சுருக்கும் தேர்வோடு மாற்றலாம்:

```
cwebp -lossless pattirikai.png -o pattirikai.webp
cwebp -q 85 -sharp_yuv pattirikai.png -o pattirikai.webp
```

தளமே படத்தை மாற்றும் இடங்களும் உண்டு. வேர்ட்பிரஸ் பல சிறிய பிரதிகளைத் தானே உருவாக்கும். ஜேபெக் என்றால் தரம் 82-இல். 2560 பிக்சலுக்கு மேலான ஜேபெக்கை ஏற்றினால் அதையும் குறைத்துவிடும். இன்ஸ்டாகிராமில் 1080 பிக்சலுக்கு மேலான அகலத்தை அந்த அளவுக்குச் சுருக்குவார்கள். இந்த இடங்களில் எல்லாம் காட்டப்போகும் அளவிலேயே படத்தைச் செய்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

கலங்கலோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு கோளாறு, படம் முழுக்க ஒரே சீராக வெளிறிப்போவது. இது சுருக்கத்தால் வருவதில்லை. அச்சுக்கான நிற அமைப்பிலோ அடோபி ஆர்ஜிபியிலோ சேமித்த படத்தை, அந்தக் குறிப்பு இல்லாமல் போன் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும்போது இப்படி ஆகும். சிவகாசிக்கு அனுப்பிய கோப்பையே வாட்ஸ்அப்பிலும் போட்டால் வருவது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். ஏற்றுமதிக்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

எல்லோருக்கும் அனுப்பும் முன் வீட்டில் இன்னொரு போனுக்கு அனுப்பி, அங்கே வந்து இறங்கிய படத்தைப் பெரிதாக்கிப் பார்டரின் ஓரம், மிகச் சிறிய எழுத்து, வெறுமையான பின்னணி ஆகிய மூன்று இடங்களைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அனுப்பியவரின் போனில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பயனில்லை. கேலரியில் இருப்பது மூலம்தான். பிறருக்கு அனுப்பும்போது ‘ஃபார்வர்டு’ செய்தால் ஏற்கெனவே சுருங்கிய அதே கோப்புதான் போகும். புதிதாக எதுவும் கெடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ, கேலரியில் சேமித்து ஓரத்தை வெட்டி மறுபடி ஏற்றினாலோ, 8-க்கு 8 கட்டங்கள் புது இடத்தில் விழுந்து முழுச் சுருக்கமும் இன்னொரு முறை நடக்கும். அத்தை வழியாக வந்த பத்திரிகை பெரியப்பா வழியாக வந்ததைவிட மோசமாக இருந்தால், நடுவில் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள்.